DRC-07 உத்தரவில் வட்டி 35,270, அபராதம் 35,000: இந்தத் தொகைகள் எங்கிருந்து வந்தன?

ஆத்தங்குடி வள்ளி

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் அப்பாவின் பூக்கல் பட்டறைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். 2021 அக்டோபரில் கல் உலர்த்துவதற்கு ஒரு கொட்டகை கட்டினோம். ஒப்பந்தக்காரர் கொடுத்த பில் 4,00,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72,000, அதாவது மத்திய வரி 36,000, மாநில வரி 36,000. இந்த 72,000-ஐ அந்த மாத ரிட்டர்னான GSTR-3B-இல் ஐடிசியாக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்துவிட்டோம். கட்டடத்துக்கு ஐடிசி கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. தப்பு எங்களுடையது, அதில் எனக்கு வாதம் இல்லை.

நோட்டீஸுக்கு முந்தைய அறிவிப்பான DRC-01A வந்ததும் 2025 செப்டம்பர் 16 அன்று 72,000 முழுவதையும், நாமாகவே கட்டும் DRC-03 படிவம் வழியாகப் பணமாகக் கட்டினேன். வட்டி எவ்வளவு என்று DRC-01A-வில் போடவில்லை, அதனால் வட்டி கட்டவில்லை. செப்டம்பர் 24 அன்று பிரிவு 73-இல் நோட்டீஸ் வந்தது. அதில் வட்டிக் கட்டத்தில் தொகை இல்லாமல் ‘பொருந்தும் வட்டி’ என்றும், அபராதம் ஒவ்வொரு சட்டத்துக்கும் 10,000 என்றும் இருந்தது. வரியைத்தான் கட்டிவிட்டோமே என்று நான் பதில் போடவில்லை.

இப்போது டிசம்பர் 19 தேதியிட்ட DRC-07 வந்திருக்கிறது. மத்திய வரி வரிசையில் வரி 36,000, வட்டி 35,270, அபராதம் 35,000. மாநில வரி வரிசையிலும் அதே எண்கள். மொத்தம் 2,12,540. வட்டிக்குப் பிரிவு 50(3), அபராதத்துக்குப் பிரிவு 73(9) மற்றும் 125 என்று போட்டிருக்கிறார்கள். வரிக்குச் சமமாக வட்டியும் வட்டிக்குச் சமமாக அபராதமும் எப்படி வரும்? அப்பா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளத்தூரான்

தங்கச்சி, பயப்படாதீங்க. பிரிவு 73-இல் அபராதம் 10 சதவீதம்தான். 36,000-க்கு 3,600, இரண்டுக்கும் சேர்த்து 7,200. அவர்கள் 70,000 கேட்பது முழுக்கத் தப்பு. வட்டியும் 18 சதவீதம்தான், நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டீஸில் இருந்த 10,000-உம் தப்புதான், அதையும் விடாதீர்கள்.

கண்டாங்கிக் கடை

எனக்கும் போன மாதம் டிமாண்ட் நோட்டீஸ் வந்தது. பிரிவு 156 என்று போட்டு 234B, 234C என்று இரண்டு வட்டி. மாதம் ஒரு சதவீதம், மூன்று நாள் தாமதமானாலும் முழு மாதமாக எடுத்துக்கொள்வார்களாம். எங்கள் ஆடிட்டர் அது சரிதான், கட்டிவிடுங்கள் என்றார். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள் வள்ளி.

கொப்புடையாள் துணை

கண்டாங்கி அக்கா, உங்களுக்கு வந்தது வருமான வரி நோட்டீஸ். அங்கே மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம் என்று சட்டமே சொல்கிறது. வள்ளிக்கு வந்திருப்பது ஜிஎஸ்டி. இங்கே நாள் கணக்கு. இரண்டையும் கலந்தால் எண் ஒட்டாது.

வள்ளி, உத்தரவின் சுருக்கம்தான் DRC-07. அதோடு விரிவான உத்தரவு ஒரு பிடிஎஃப் ஆக இணைந்திருக்கும். `Services > User Services > View Additional Notices/Orders` போய்ப் பாருங்கள். வட்டி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன விகிதம் என்று அதில் அட்டவணை இருந்தால் இங்கே சொல்லுங்கள். நான் இரவு விரிவாக எழுதுகிறேன். பள்ளத்தூரார் சொன்ன 3,600 கணக்கை மட்டும் நம்பி எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆத்தங்குடி வள்ளி

பார்த்தேன் அண்ணே. நான்கு பக்க உத்தரவு. வட்டிக்கு அட்டவணை எதுவும் இல்லை. ‘பிரிவு 50(3)-இன்படி வட்டி விதிக்கப்படுகிறது’ என்று ஒரே வரி. விகிதமும் இல்லை, தேதியும் இல்லை.

பழைய பேரேடு

வணக்கம். நான் தேவகோட்டை. எனக்கு ஜிஎஸ்டி தெரியாது. 41 வருஷம் கடைக் கணக்கு எழுதினவன், வட்டி தெரியும். அந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வருஷத்துக்கு 18 சதவீதம் என்றால் எங்கள் பேச்சில் அது ஒன்றரை வட்டி. 100 ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய். 36,000-க்கு மாதம் 540. இப்போது 35,270-ஐ 540-ஆல் வகுத்தால் 65 மாதத்துக்கு மேல் வருகிறது. 2025 டிசம்பரிலிருந்து 65 மாதம் பின்னால் போனால் 2020 ஜூலை. ஆனால் இந்தப் பெண் சொல்லும் கொட்டகை கட்டினது 2021 அக்டோபரில். பில்லே பிறக்காத நாளிலிருந்து வட்டி ஓட முடியாது. ஆகவே இது ஒன்றரை வட்டி இல்லை.

ரெண்டு வட்டியாக வைத்துப் பார்த்தேன். 36,000-க்கு மாதம் 720. 49 மாதத்துக்கு 35,280. பத்து ரூபாய்தான் வித்தியாசம். 2025 டிசம்பரிலிருந்து 49 மாதம் பின்னால் போனால் 2021 நவம்பர். ரெண்டு வட்டி, அதாவது 24 சதவீதம் போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் ரெண்டு வட்டிக்கு இடம் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

கொப்புடையாள் துணை

ஐயா, கும்பிடுகிறேன். நான் கால்குலேட்டரில் நாள் கணக்காகப் போட்டுப் பார்த்ததும் அதே முடிவு. இதே முறையை நாள் கணக்கில் எழுதிவைக்கிறேன். அட்டவணை இல்லாத உத்தரவு யாருக்கு வந்தாலும் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

```
நாட்கள் = வட்டி × 100 × 365 ÷ (வரி × விகிதம்)
```

35,270-ஐ 24 என்ற விகிதத்தோடு போட்டால் 1,490 நாள் வருகிறது. உத்தரவுத் தேதி 2025 டிசம்பர் 19. இரண்டு முனைத் தேதியையும் சேர்த்து 1,490 நாள் பின்னால் எண்ணினால் 2021 நவம்பர் 21. அக்டோபர் மாத GSTR-3B-க்குக் கடைசித் தேதி நவம்பர் 20. அதற்கு மறுநாள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் தற்செயல் இல்லை. அதிகாரி போட்ட கணக்கு இதுதான்.

ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரெண்டு வட்டிக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. ஜிஎஸ்டி வந்த 2017-இல் வெளியான விகித அறிவிப்பில் 50(1)-க்கு 18, 50(3)-க்கு 24 என்று இருந்தது. 2022 நிதிச் சட்டம் 50(3)-ஐயே மாற்றி எழுதியது, விகிதத்தையும் 18 ஆக்கியது. இரண்டு மாற்றமும் 2017 ஜூலை 1 முதலே அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஆக 2021-இல் எடுத்த ஐடிசிக்கு 2025-இல் 24 போட வழியே இல்லை. பழைய கணக்குத்தாள் மாதிரி ஒன்றைத் திறந்து எண்ணை நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூரான்

அதைத்தானே நானும் 18 சதவீதம் என்று சொன்னேன். 36,000-க்கு 1,490 நாள், 18 சதவீதம். 26,453 வருகிறது. அதைக் கட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

கொப்புடையாள் துணை

விகிதத்தில் நீங்கள் சொன்னது சரி அண்ணே. ஆனால் 26,453-உம் சரியான எண் இல்லை. விகிதத்தைத் திருத்தியதோடு நிறுத்தினால் வள்ளி இன்னும் கூடுதலாகத்தான் கட்டுவார். இரண்டு தேதியும் தப்பு.

முடிவுத் தேதி எளிது. வரியைச் செப்டம்பர் 16 அன்றே பணமாகக் கட்டியாயிற்று. கட்டின நாளோடு வட்டி நிற்கவேண்டும். உத்தரவு எழுதின டிசம்பர் 19 வரை ஓட்டக்கூடாது. DRC-03-இல் கட்டினதை உத்தரவில் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது. வரிக் கட்டத்தில் 36,000 முழுதாக நிற்பதும் அதனால்தான். DRC-03A என்ற படிவத்தைப் போட்டு அந்தப் பணத்தை இந்த டிமாண்டோடு இணைக்கவேண்டும். இணைக்காவிட்டால் போர்ட்டலில் பாக்கி அப்படியே தெரியும்.

ஆரம்பத் தேதிதான் முக்கியம். இப்போதுள்ள 50(3) என்ன சொல்கிறது என்றால், தவறாக எடுத்து, அதைப் பயன்படுத்தியும் இருந்தால்தான் வட்டி. எடுத்து லெட்ஜரில் சும்மா வைத்திருந்த காலத்துக்கு வட்டி இல்லை. எப்போது பயன்படுத்தியதாகக் கொள்வது என்பதை விதி 88B சொல்கிறது. எலக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜரில் இருப்பு, தவறாக எடுத்த தொகைக்குக் கீழே இறங்கும்போதுதான் பயன்படுத்தியதாக ஆகும். எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவுக்கு மட்டும். ரிட்டர்னில் வரி கட்டியதால் இறங்கியிருந்தால், அந்த ரிட்டர்னின் கடைசித் தேதி, தாக்கல் செய்த தேதி, இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து வட்டி ஓடும். இந்த விதி 2022 ஜூலையில் வந்தாலும் 2017 ஜூலை 1 முதல் இருந்ததாகவே கொள்ளவேண்டும்.

வள்ளி, `Services > Ledgers > Electronic Credit Ledger` போய் 2021 நவம்பர் முதல் 2022 டிசம்பர் வரை எடுங்கள். ஒவ்வொரு மாதம் 3B போட்ட பிறகு மத்திய வரித் தலைப்பில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எழுதுங்கள். மாநில வரிக்கும் அதேபோல.

கானாடுகாத்தான்

இடையில் ஒரு சந்தேகம். லெட்ஜரில் இருப்பு என்பது நல்ல ஐடிசியும் கெட்ட ஐடிசியும் கலந்த இருப்பு. அதில் முதலில் செலவானது கெட்டதுதான் என்று அதிகாரி சொல்லமாட்டாரா?

கொப்புடையாள் துணை

சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அந்தச் சண்டை வேண்டாம் என்றுதான் விதி 88B இருப்பை அளவுகோலாக வைத்தது. குதிரில் உங்கள் நெல்லும் பக்கத்து வீட்டு நெல்லும் கலந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு நெல் பத்து மூட்டை என்றால், குதிரில் பத்து மூட்டைக்குக் குறையாமல் இருக்கும்வரை அவர் நெல்லை நீங்கள் தொட்டதாக ஆகாது. எட்டு மூட்டையாகக் குறைந்தால் இரண்டு மூட்டை தொட்டிருக்கிறீர்கள். விதி சொல்வது இவ்வளவுதான்.

ஆத்தங்குடி வள்ளி

எடுத்துவிட்டேன் அண்ணே. இரண்டு தலைப்பிலும் ஒரே எண்கள்தான், ஏனென்றால் எங்கள் விற்பனை முழுவதும் தமிழ்நாட்டுக்குள். எல்லா ரிட்டர்னும் 20-ஆம் தேதியே போட்டிருக்கிறோம்.

2021 நவம்பர் 20 அன்று இருப்பு 61,000. டிசம்பர் 20 அன்று 48,000. 2022 ஜனவரி 20 அன்று 41,500. பிப்ரவரி 20 அன்று 39,000. மார்ச் 20 அன்று 12,000. ஏப்ரல் 20 அன்று பூஜ்யம். அந்த வருஷம் மாசியிலும் பங்குனியிலும் இரண்டு பெரிய வீடுகளுக்குத் தரைக்கல் போனது, அதில்தான் ஐடிசி எல்லாம் கரைந்தது. அப்புறம் ஆகஸ்டில் வெள்ளை சிமெண்டும் கலர் பொடியும் மொத்தமாக வாங்கினோம். அப்போது இருப்பு மறுபடி 50,000 ஆனது.

கொப்புடையாள் துணை

நல்லது, இவ்வளவு தெளிவாக இருந்தால் கணக்கு சுலபம். ஒரு தலைப்புக்கு மட்டும் போடுகிறேன்.

தவறாக எடுத்தது 36,000. பிப்ரவரி 20 வரை இருப்பு 36,000-க்குக் கீழே போகவே இல்லை. ஆக மார்ச் 20 வரை நான்கு மாதம் வட்டியே கிடையாது. மார்ச் 20 அன்று இருப்பு 12,000 ஆனது, 24,000 கீழே இறங்கியது. அந்த 24,000-க்கு 2022 மார்ச் 20 முதல் 2025 செப்டம்பர் 16 வரை 1,276 நாள், 18 சதவீதத்தில் 15,102. ஏப்ரல் 20 அன்று மீதி 12,000-உம் போனது. அதற்கு 1,245 நாள், 7,368. கூட்டினால் 22,470.

உத்தரவில் 35,270. ஒரு தலைப்பில் வித்தியாசம் 12,800, இரண்டிலும் 25,600. ஆரம்ப நாளையும் சேர்த்து எண்ணுவதா என்பதில் ஒரு நாள் முன்னே பின்னே வரலாம். அது 18 ரூபாய் விஷயம், அதற்காக நிற்கவேண்டாம்.

பழைய பேரேடு

மாத வட்டியில் ஒட்டிப் பார்த்தேன். 24,000-க்கு ஒன்றரை வட்டி மாதம் 360, 42 மாதத்துக்கு 15,120. 12,000-க்கு மாதம் 180, 41 மாதத்துக்கு 7,380. மொத்தம் 22,500. தம்பி போட்ட கணக்கு சரி.

கானாடுகாத்தான்

ஆகஸ்டில் இருப்பு மறுபடி 50,000 ஆனதே, அதை விட்டுவிட்டீர்கள். குதிர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். குதிர் மறுபடி நிறைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நெல் திரும்பி வந்துவிட்டதாக ஆகாதா? அன்றோடு வட்டி நிற்கவேண்டும் என்று வாதாடலாமே. அப்படியென்றால் நாலைந்து மாத வட்டிதான்.

கொப்புடையாள் துணை

வாதாடலாம். ஆனால் விதியின் வாசகம், வரவைத் திருப்பிய நாள் அல்லது வரி கட்டிய நாள் வரை வட்டி என்று சொல்கிறது. இருப்பு கூடினால் நின்றுவிடும் என்று அதில் இல்லை. அதனால் நான் முழுக் காலத்துக்கும் போட்டேன். இதை எதிர்த்து எழுத நினைப்பவரை நான் தடுக்கமாட்டேன், என் கட்சிக்காரராக இருந்தால் இதை மாற்று வாதமாக மட்டும் வைப்பேன்.

கானாடுகாத்தான்

வட்டி என்பது அரசுக்கு வரவேண்டிய பணம் வராமல் இருந்த காலத்துக்கு ஈடு. ஆகஸ்டுக்குப் பிறகு லெட்ஜரில் அவ்வளவு பணம் கிடந்திருக்கிறது. நான் இதை ஒத்துக்கொள்ளமாட்டேன். சரி, வள்ளி முடிவு செய்யட்டும்.

பள்ளத்தூரான்

என் கதையைச் சொல்கிறேன், வட்டிக் கட்டத்தில் எனக்கும் அடி விழுந்தது. எனக்கு 3B நாற்பது நாள் தாமதம். அந்த மாத வரி 1,00,000. அதில் 85,000 ஐடிசியில் போனது, 15,000 மட்டும் பணமாகக் கட்டினேன். வந்த நோட்டீஸில் 1,00,000-க்கும் வட்டி போட்டு 1,973 என்று இருந்தது. பிரிவு 50(1)-தான் போட்டிருந்தார்கள். நானும் 2,000 ரூபாய்தானே என்று கட்டிவிட்டேன். அது சரியா?

கொப்புடையாள் துணை

இல்லை அண்ணே. 50(1)-இன் கீழே ஒரு விலக்கு இருக்கிறது. தாமதமாகப் போட்ட ரிட்டர்னில் பணமாகக் கட்டின பகுதிக்கு மட்டும்தான் வட்டி. உங்களுக்கு 15,000-க்கு நாற்பது நாள், 296 ரூபாய். நோட்டீஸ் நடவடிக்கை தொடங்கின பிறகு அந்த மாத ரிட்டர்னைப் போட்டிருந்தால்தான் இந்த விலக்கு கிடைக்காது. நோட்டீஸில் பிரிவு எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது, எந்தத் தொகைக்கு வட்டி என்பதில்தான் தப்பு. எண் சரியாக இருக்கிறதே என்று நாம் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆத்தங்குடி வள்ளி

அண்ணே, அபராதம்? 3,600-ஆ, 10,000-ஆ, 35,000-ஆ?

கொப்புடையாள் துணை

10,000. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் சட்டம். 73(9) சொல்வது வரியில் 10 சதவீதம் அல்லது 10,000, இரண்டில் எது அதிகமோ அது. வரி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் 10 சதவீதம் வேலை செய்யும். அதுவரை 10,000-தான். 36,000-க்கு 10 சதவீதம் 3,600 என்பதால் 10,000 வந்து நிற்கிறது.

பள்ளத்தூரான்

சரி, 10,000 என்றே வைத்துக்கொள்வோம். அது மொத்தத்துக்கும்தானே? மத்தியத்துக்கு 5,000, மாநிலத்துக்கு 5,000.

கொப்புடையாள் துணை

இல்லை அண்ணே. மத்திய ஜிஎஸ்டி ஒரு சட்டம், தமிழ்நாடு ஜிஎஸ்டி இன்னொரு சட்டம். இரண்டிலும் தனித்தனியாகப் பிரிவு 73(9) இருக்கிறது. ஆக 10,000-உம் 10,000-உம், மொத்தம் 20,000. நோட்டீஸில் போட்டிருந்தது சரி.

தப்பு என்னவென்றால் உத்தரவில் மேலே ஏற்றிய 25,000. வள்ளி, 35,000-ஐ ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள். 73(9)-க்கு 10,000, 125-க்கு 25,000, கூட்டினால் 35,000. வட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது தற்செயல். ஒரே கட்டத்தில் இரண்டு பிரிவு எழுதியிருந்தால் முதலில் எது எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளவேண்டும்.

125 என்பது பொது அபராதம். வேறு எங்கும் தனியாக அபராதம் சொல்லாத மீறலுக்கு 25,000 வரை போடலாம் என்பது அது. உங்கள் விஷயத்துக்கு 73-லேயே அபராதம் இருக்கிறது. அதோடு 73 அல்லது 74-இல் அபராதம் போட்ட பிறகு, அதே செயலுக்கு அதே ஆள்மேல் இந்தச் சட்டத்தின் வேறு எந்தப் பிரிவிலும் அபராதம் கூடாது என்று 75(13) நேராகவே சொல்கிறது. போதாததற்கு, உங்கள் நோட்டீஸில் 125 என்ற பேச்சே இல்லை. நோட்டீஸில் கேட்டதைவிட உத்தரவில் அதிகம் கேட்கக்கூடாது, நோட்டீஸில் சொல்லாத காரணத்துக்கும் கேட்கக்கூடாது என்கிறது 75(7). நோட்டீஸையும் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அபராதக் கட்டத்தைப் பார்த்தாலே 10,000 எப்படி 35,000 ஆனது என்று கேள்வி எழும்.

கானாடுகாத்தான்

75(7) வட்டிக்கும் உதவுமே? நோட்டீஸில் வட்டித் தொகையே போடவில்லை. போடாததை உத்தரவில் எப்படிக் கேட்பது?

கொப்புடையாள் துணை

அதில் கை வைக்க முடியாது. உத்தரவில் வட்டியைக் குறிப்பிடாவிட்டாலும் குறைவாகக் கட்டிய வரிக்கு வட்டி கட்டியாகவேண்டும் என்று 75(9) தனியாகச் சொல்கிறது. வட்டியே வேண்டாம் என்ற வாதம் நிற்காது. வட்டி இவ்வளவுதான் என்ற வாதம் நிற்கும்.

ஆத்தங்குடி வள்ளி

ஒன்று மனதை அரிக்கிறது. வரியை நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டினேன். வரி கட்டினால் அபராதம் இல்லை என்று கேள்விப்பட்டேனே.

கொப்புடையாள் துணை

வரியும் வட்டியும் சேர்த்துக் கட்டினால்தான். நோட்டீஸுக்கு முன்பே இரண்டும் கட்டியிருந்தால் நோட்டீஸே வந்திருக்காது. நோட்டீஸ் வந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருந்தது. அக்டோபர் 24-க்குள் இரண்டு தலைப்புக்கும் சேர்த்து அந்த 44,940 வட்டியைக் கட்டியிருந்தால் 73(8)-இன்படி 20,000 அபராதம் போயிருக்கும். DRC-01A-வில் தொகை போடவில்லை என்பதால் நீங்கள் காத்திருந்தீர்கள். ஆனால் வட்டியை நாமே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும் என்பதுதான் பிரிவு 50. இதை இப்போது சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கானாடுகாத்தான்

இதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பேன். நோட்டீஸில் தொகையே சொல்லாமல் ‘பொருந்தும் வட்டி’ என்று போட்டுவிட்டு, அதைக் கட்டவில்லை என்று அபராதம் போடுவது நியாயமா? அப்பீலில் இந்த ஒரு காரணத்தையும் எழுதுங்கள்.

கொப்புடையாள் துணை

எழுதலாம். நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

இனி செய்யவேண்டியது. இரண்டு வழி இருக்கிறது. பிரிவு 161-இல் திருத்தம் கேட்பது ஒன்று. பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற தப்பு என்றால் அதே அதிகாரி திருத்தலாம், மூன்று மாதத்துக்குள் அவர் கவனத்துக்குக் கொண்டுபோகவேண்டும். 24 சதவீதம், 125, டிசம்பர் 19 வரை ஓட்டிய வட்டி, இந்த மூன்றும் அந்த வகை. ஆரம்பத் தேதி விஷயம் கொஞ்சம் வேறு. லெட்ஜரை வைத்து விளக்கவேண்டும், நீங்கள் நோட்டீஸுக்குப் பதிலும் போடவில்லை. இது வெளிப்படையான தப்பு இல்லை, வாதம் என்று அதிகாரி ஒதுக்கலாம். அதற்கு அப்பீல்தான் பாதுகாப்பு.

அப்பீலுக்கும் உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம்தான். திருத்த மனு போட்டிருக்கிறோமே என்று அந்த நாளைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தம் வராவிட்டால் மார்ச் முதல் வாரத்துக்குள் அப்பீல் போட்டுவிடுங்கள். அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளும் தொகையை முழுதாகக் கட்டவேண்டும். 10 சதவீத முன்பணம் என்பது தகராறில் இருக்கும் வரிக்கு. உங்களுக்கு வரியில் தகராறே இல்லை. ஆக வட்டி 44,940, அபராதம் 20,000, மொத்தம் 64,940. அபராதத்தையும் எதிர்ப்பதாக இருந்தால் அது ஒத்துக்கொண்ட தொகையில் வராது, அதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

பழைய பேரேடு

மகளே, திருத்த மனுவில் பெரிய வாதம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் கணக்கைப் போடு. இடது பக்கம் அவர்கள் எண், வலது பக்கம் நம் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகத் தேதி, விகிதம், நாள். பார்க்கிறவர் தாளைத் திருப்பவேண்டிய அவசியம் வரக்கூடாது. நாங்கள் ஐந்தொகை ஒட்டாதபோது அப்படித்தான் முதலாளியிடம் கொண்டுபோவோம்.

ஆத்தங்குடி வள்ளி

ஐயா சொன்ன மாதிரியே போட்டேன். அப்பாவிடம் காட்டினேன். 1,40,540-இல் 75,600 கணக்கே இல்லாமல் ஏறியிருக்கிறது என்று எண்ணோடு பார்த்த பிறகு இட்லி சாப்பிட்டார். இன்று காலை 44,940 வட்டியைக் கட்டினேன். DRC-03A போட்டு செப்டம்பர் பணத்தை டிமாண்டோடு இணைத்தாயிற்று, வரிக் கட்டத்தில் இப்போது பாக்கி பூஜ்யம் காட்டுகிறது. திருத்த மனுவில் விகிதம், முடிவுத் தேதி, 125 மூன்றையும் எழுதி, லெட்ஜர் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். ஆகஸ்ட் இருப்பு வாதத்தை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. கானாடுகாத்தான் அண்ணன் கோபித்துக்கொள்ளவேண்டாம், அப்பீல் போட நேர்ந்தால் சேர்க்கிறேன்.

கண்டாங்கிக் கடை

வள்ளி, அந்த இரண்டு பத்தித் தாளை, பெயர், எண் எல்லாம் அடித்துவிட்டு இங்கே போட முடியுமா? என் 234B கணக்கையும் அதே மாதிரி எழுதிப் பார்க்கவேண்டும். கட்டிவிட்டேன், ஆனாலும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எண்ணினார்கள் என்று ஆடிட்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.